திருவிழா வீடியோவில் கேட்ட பாட்டுக்கு காப்பிரைட் கிளைம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்த் திருவிழா, தேரோட்டம், தீமிதி, கல்யாண ஊர்வலம் என்று படம்பிடித்து யூடியூபில் போடுகிறவர்களுக்காக எழுதியது. நீங்கள் சேர்த்த பின்னணி இசையைப் பற்றியது அல்ல. எடுத்த இடத்தில் தானாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டைப் பற்றியது.

பாட்டை நான் போடவே இல்லை. கோயில் ரேடியோ செட்டில் ஓடியது. அதற்கு எனக்கு ஏன் கிளைம் வருகிறது?

யூடியூபின் கன்டென்ட் ஐடி 2007 முதல் இயங்குகிறது. இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களின் மூலக் கோப்புகளை அதில் கொடுத்து வைத்திருக்கின்றன. நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு வீடியோவின் ஒலியையும் அந்தக் கோப்புகளோடு அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. பாட்டு விஷயத்தில் அது பார்ப்பது ஒலியை மட்டும்தான். பாட்டை எடிட்டிங்கில் சேர்த்தீர்களா, பந்தல் கம்பத்தில் கட்டிய குழாயிலிருந்து வந்ததா என்பது அதற்குத் தெரியாது. கூட்டத்தின் இரைச்சல், வெடிச்சத்தம், ஆட்கள் பேசுவது எல்லாம் மேலே கலந்திருந்தாலும் அடியில் ஓடும் பாட்டைப் பெரும்பாலும் பிடித்துவிடும்.

பொருத்தம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை உரிமையாளர் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார். வீடியோவைத் தடுக்கலாம், விளம்பர வருமானத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம், அல்லது பார்வைக் கணக்கை மட்டும் கவனிக்கலாம். இது நாட்டுக்கு நாடு மாறலாம். அதனால்தான் ஒரே வீடியோ சென்னையில் ஓடும், சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அத்தைக்கு ஓடாது.

கிளைம் வந்தால் சேனல் போய்விடுமா?

போகாது. கிளைம் அந்த ஒரு வீடியோவை மட்டும் தொடும். சேனலைப் பாதிப்பது ஸ்டிரைக். உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, வீடியோ எடுக்கப்பட்டால் வருவது அது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனல் மூடப்படும் நிலை வரும்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. கிளைமை எதிர்த்து, அது மறுக்கப்பட்டு, அதன்பிறகும் மேல்முறையீடு செய்து அதிலும் தோற்றால் கிளைம் ஸ்டிரைக்காக மாறலாம். அதனால் பயந்து எல்லாவற்றையும் அழிக்கவும் வேண்டாம், கோபத்தில் எல்லாவற்றையும் எதிர்க்கவும் வேண்டாம்.

எந்த இடத்துக்கு யார் கிளைம் போட்டார்கள் என்று எங்கே பார்ப்பது?

யூடியூப் ஸ்டுடியோவில் இடது பக்கம் "Content" போங்கள். வீடியோ வரிசையில் "Restrictions" என்ற பத்தியில் "Copyright" என்று இருக்கும். அதன்மேல் சுட்டியை வைத்தால் "See details" வரும். உள்ளே ஒவ்வொரு கிளைமுக்கும் தனி வரி: பாடலின் பெயர், உரிமை கோருபவர், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, வீடியோவுக்கு என்ன பாதிப்பு.

அவசரமாக "Take action" அழுத்துவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, பாதிப்பு. தடுக்கப்பட்டிருக்கிறதா, வருமானம் மட்டும் போகிறதா? உங்கள் சேனலுக்கு இன்னும் வருமானமே தொடங்கவில்லை என்றால், வருமானம் போகிற கிளைமால் உங்களுக்கு நடைமுறை நஷ்டம் இல்லை. வீடியோவில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான்.

இரண்டாவது, எந்த உரிமை. ஒரு சினிமாப் பாட்டில் இரண்டு அடுக்கு உண்டு. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டின் உரிமையும் வெவ்வேறு கையில் இருக்கலாம். ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் கிளைம் போடுவது இதனால்தான். யாரோ உங்களை இரண்டு தடவை தண்டிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, அந்த நிமிடத்தை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அங்கே ஓடுவது உண்மையிலேயே அந்தப் பாட்டுதானா? இதைச் செய்யாமல் கிளைமை எதிர்த்து டிஸ்ப்யூட் போடுகிறவர்கள்தான் அதிகம்.

பின்னணியில் தற்செயலாகக் கேட்ட பாட்டுதானே? சட்டமே அதை விட்டுவிடாதா?

நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் இந்தியச் சட்டத்தில் இசைக்கு அப்படி ஒரு விலக்கு வெளிப்படையாக எழுதப்படவில்லை.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் விலக்குகள் வரிசையாக உள்ளன. அதில் 52(1)(u) நீங்கள் தேடுவதுபோலவே இருக்கும்: ஒரு படத்தில் பின்னணியாகவோ தற்செயலாகவோ இடம்பெற்றால் மீறல் ஆகாது என்கிறது. ஆனால் அது ஓவியம், சிற்பம், புகைப்படம், கட்டடம் போன்ற கலைப்படைப்புகளுக்கு மட்டும். கோயில் சுவரோவியமோ வழியில் நிற்கும் சிலையோ உங்கள் ஃபிரேமில் வந்தால் இந்தப் பிரிவு காப்பாற்றும். அதே ஃபிரேமில் கேட்கும் பாட்டை அது தொடவில்லை. இணையத்தில் பலர் இந்தப் பிரிவை இசைக்கும் சேர்த்து மேற்கோள் காட்டுகிறார்கள்; அதை நம்பி டிஸ்ப்யூட்டில் எழுதினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும்.

பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் இதில் வேறு மாதிரி. அதன் 31-ஆவது பிரிவு எல்லாவகைப் படைப்புகளும் தற்செயலாக இடம்பெறுவதை அனுமதிக்கிறது. ஆனால் இசையை வேண்டுமென்றே சேர்த்தால் அது தற்செயல் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. லண்டனில் தேரோட்டம் எடுக்கும் நம் ஆட்களுக்கு இது உண்மையிலேயே பயன்படும் வாதம்.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு இரண்டு வழிகள் மிஞ்சுகின்றன. ஒன்று, 52(1)(a)-வில் வரும் நியாயமான பயன்பாடு. நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாகத் தருவதும், விமர்சனமும் அதில் அடங்கும். தேர் சாய்ந்ததைச் செய்தியாகச் சொல்லும்போது பின்னால் பாட்டு கேட்டால் இந்த வாதம் நிற்கலாம். திருவிழாக் கொண்டாட்டத்தை அழகாகக் காட்டும் வீடியோவில், பாட்டுக்கேற்ப நீங்கள் காட்சிகளை வெட்டியிருந்தால், நிற்பது கடினம்.

இன்னொன்று, மிகச் சிறிய பயன்பாட்டைச் சட்டம் பொருட்படுத்தக் கூடாது என்ற கொள்கை. 2012-இல் இந்தியா டிவிக்கும் யஷ் ராஜ் ஃபிலிம்ஸுக்கும் இடையே நடந்த வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, பாடல்களின் சிறு பகுதிகள் டிவி நிகழ்ச்சியில் வந்ததை இந்தக் கொள்கைப்படி ஏற்றுக்கொண்டது. பாட்டு எவ்வளவு சிறிய பங்கு, எதற்காக வந்தது, உரிமையாளருக்கு என்ன நஷ்டம் என்பதையெல்லாம் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. நல்ல தீர்ப்பு, ஆனால் அது நீதிமன்றத்தில் நின்று பேசும் வாதம். கன்டென்ட் ஐடி எந்தத் தீர்ப்பையும் படிப்பதில்லை. டிஸ்ப்யூட்டை முதலில் படிப்பதும் நீதிபதி அல்ல, கிளைம் போட்ட நிறுவனத்தின் ஆள்தான்.

கோயில் விழாவிலும் கல்யாணத்திலும் பாட்டுப் போட லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்களே. அப்போ அந்த வீடியோவுக்கும் வேண்டாம்தானே?

முதல் பாதி சரி. 52(1)(za) அதைத்தான் சொல்கிறது. உண்மையான மதச் சடங்கிலும், அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அதிகாரபூர்வ விழாவிலும் பாட்டை இசைப்பது மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் மதச் சடங்கில் சேரும் என்று அதன் விளக்கமே கூறுகிறது. கல்யாண வீடுகளில் காசு கேட்கிறார்கள் என்ற புகார்கள் வந்ததால், 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் துறை இதை ஓர் அறிவிப்பாகவே வெளியிட்டது.

ஆனால் அந்த விலக்கு விழா நடக்கும் இடத்தில் பாட்டு ஒலிப்பதற்கு. சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் விழாக் கமிட்டிக்கும் அது பாதுகாப்பு. ஒரு பாட்டை வைத்துப் படம் உருவாக்குவது சட்டத்தின் 14-ஆவது பிரிவில் உரிமையாளருக்குத் தனியாகக் கொடுக்கப்பட்ட உரிமை. நீங்கள் அதைப் பதிவு செய்து, அடுத்த நாள் உலகம் முழுக்கப் பார்க்கும்படி ஏற்றுவது சடங்கின் பகுதி அல்ல. "விழாக் கமிட்டித் தலைவர் அனுமதி கொடுத்தார்" என்பதும் இதே ரகம். கேமராவோடு உள்ளே வர அவர் அனுமதிக்கலாம். தன்னிடம் இல்லாத பாட்டின் உரிமையை அவர் தர முடியாது.

10 வினாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை என்கிறார்கள். பாட்டின் பெயரை டிஸ்கிரிப்ஷனில் போட்டாலும் போதுமாமே?

இரண்டும் தவறு. 10, 15, 30 என்று எந்த வினாடிக் கணக்கும் சட்டத்திலும் இல்லை, யூடியூப் விதியிலும் இல்லை. நன்றி போடுவது நாகரிகம், அனுமதி ஆகாது.

சிறிய பயன்பாட்டுக்கு யூடியூப் விதியில் உண்மையில் உள்ள ஒரே சலுகை வேறு இடத்தில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் யூடியூப் ஒரு விதியை அறிவித்தது. ஓர் ஆள் உட்கார்ந்து பார்த்துக் கையால் போடும் கிளைமில், மிகச் சில வினாடி இசைக்கும், கடந்துபோகும் வண்டியிலிருந்து கேட்பது போன்ற எதேச்சையான இசைக்கும், வருமானத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த விதி. வீடியோவைத் தடுக்கும் உரிமை அவர்களுக்கு அப்போதும் உண்டு. முக்கியமான விஷயம், இது கையால் போட்ட கிளைமுக்கு மட்டும்தான். இயந்திரம் தானாகக் கண்டுபிடித்ததற்குப் பொருந்தாது. நமக்கு வருவதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

நாதஸ்வரக்காரர் என் கண் முன்னால் வாசித்தார். ஏதோ ஒரு கம்பெனி அதைத் தன் ஆல்பம் என்கிறது. என்ன செய்வது?

தைரியமாக எதிர்க்க வேண்டிய கிளைம் இது. என் பார்வையில், சிறு சேனல்கள் பயத்தால் விட்டுக்கொடுத்துவிடும் முக்கியமான உரிமையும் இதுதான்.

தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளின் மெட்டும் வரிகளும் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு நிறுவனம் ஒரு வித்வானை வாசிக்க வைத்துப் பதிவு செய்தால், அந்தப் பதிவு மட்டும் அதற்குச் சொந்தம். அதே கீர்த்தனையை அதே சுருதியில், அதே காலப்பிரமாணத்தில் உங்கள் ஊர்க் கலைஞர் நன்றாக வாசித்தால் இயந்திரம் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறது. மல்லாரி, மங்கள இசை, தவில் தனி போன்றவற்றிலும் இது நடக்கும்.

டிஸ்ப்யூட் போடுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: வாசித்தது என்ன? கீர்த்தனையா, சினிமாப் பாட்டா? சாமி புறப்பாடு முடிந்ததும் நாதஸ்வரத்தில் சினிமா மெட்டு வாசிப்பது நம் ஊரில் சகஜம். அப்போது ஒலிப்பதிவு உரிமை பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் மெட்டின் உரிமை இசையமைப்பாளர் பக்கமோ பதிப்பாளர் பக்கமோ இருக்கும். கிளைம் எந்த அடுக்குக்கு என்று மேலே பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். நையாண்டி மேளத்துக்கும் செண்டை மேளக் குழுவுக்கும் இதே கணக்கு.

எழுதும்போது கோபத்தை விட்டுவிட்டு விவரத்தை எழுதுங்கள். படிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், எளிய ஆங்கிலத்தில் நாலு வரி போதும். இந்த நிமிடத்திலிருந்து இந்த நிமிடம் வரை கேட்பது இந்த ஊரில், இந்தத் தேதியில், நேரில் வாசிக்கப்பட்டது. வாசிப்பவர் திரையிலேயே தெரிகிறார். கீர்த்தனை இன்னது, அதை இயற்றியவர் இன்னார், இந்த ஆண்டில் மறைந்தார். உங்கள் பதிவு இதில் பயன்படுத்தப்படவில்லை. வெட்டாத மூலக் கோப்பை வைத்திருங்கள். எதிர்த்தரப்பு ஏற்காவிட்டால் அடுத்த கட்டத்தில் அதுதான் உங்கள் பலம்.

கலைஞருக்கும் உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். நேரில் நிகழ்த்துபவரின் உரிமையை 38-ஆவது பிரிவும் அதைத் தொடர்ந்து வருபவையும் காக்கின்றன. ஒலிபெருக்கிப் பாட்டில் நாம் நியாயம் கேட்கும்போது, நாதஸ்வரக்காரரிடம் "அண்ணே, இதை யூடியூபில் போடலாமா" என்று ஒரு வார்த்தை கேட்பதும் நியாயம். அவர் வாட்ஸ்அப்பில் சரி என்று அனுப்பினாலே நல்ல சான்று. குழுவின் பெயரைப் போட்டால் அவர்களுக்கு அடுத்த கச்சேரி வரவும் உதவும்.

ஆடித் திருவிழா வீடியோ, 14 நிமிடம். நான்கு கிளைம் வந்திருக்கிறது, வீடியோ முழுக்கத் தடுக்கப்பட்டுவிட்டது. எதை முதலில் கவனிப்பது?

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான்கு கிளைம் இருந்தாலும் வீடியோவை முடக்கி வைத்திருப்பது ஒன்றுதான், இரண்டாவது. அதைத் தீர்த்தால் வீடியோ திரும்ப ஓடும். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது கிளைம் 4:10 முதல் 5:20 வரை. பூசாரி அம்மா கரகம் ஜோடிப்பதைப் பற்றிப் பேசுகிறார், பின்னால் குழாயில் ஓர் அம்மன் பாட்டு. இந்த 70 வினாடிதான் உங்கள் வீடியோவின் உயிர், வெட்ட முடியாது. "Take action" போய் "Erase song" தேர்ந்தெடுங்கள். பாட்டை மட்டும் அகற்றிப் பேச்சை விட்டுவைக்கும் வசதி அது. 2024-இல் மேம்படுத்தியபின் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பாட்டு பேச்சைவிட உரக்க இருந்தால் தோற்றுப்போகும்: குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும், அல்லது கருவி முடியாது என்றே சொல்லிவிடும். அப்படியானால் அந்தப் பகுதியின் ஒலியை முழுவதும் ஊமையாக்கி, அம்மா பேசியதை எழுத்தாகக் கீழே ஓடவிடுவது ஒரு வழி. என்னைக் கேட்டால், அவரை மறுபடி பார்த்து, வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, அதே விஷயத்தைச் சொல்லச் சொல்லிக் குரலைப் பதிவு செய்து, புதிய வீடியோவாக ஏற்றுவேன். அந்தத் தகவல் வேறு யாரிடமும் கிடைக்காது. பாட்டுச் சண்டையில் அது வீணாகக் கூடாது.

முதல் கிளைம் 0:40 முதல் 1:35 வரை. தெரு, தோரணம், சீரியல் லைட், மேலே ஒரு சினிமாப் பாட்டு. பேச்சு இல்லை. இயந்திரம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது, பாதிப்பு வருமானம் மட்டும். இங்கே டிஸ்ப்யூட் போட உங்களிடம் காரணம் இல்லை. சேனலுக்கு வருமானம் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். வருமானம் இருந்தால், இந்த 55 வினாடிக்காக 14 நிமிடத்தின் விளம்பரப் பணமும் போவதால், அந்த இடத்தை ஊமையாக்குங்கள், அல்லது "Replace song" மூலம் யூடியூபின் இலவச இசை ஒன்றைப் போடுங்கள்.

மூன்றாவது 8:05 முதல் 9:30 வரை, நேரில் வாசித்த நாதஸ்வரம். நீங்கள் கீர்த்தனை என்கிறீர்கள், திரையில் கலைஞர்கள் தெரிகிறார்கள். மேலே சொன்னபடி டிஸ்ப்யூட் போடுங்கள். நான்கில் டிஸ்ப்யூட் தகுதி முழுமையாக உள்ளது இதற்குத்தான்.

நான்காவது 12:50 முதல் 12:58 வரை, குறுக்கே போன மினி டெம்போவில் ஓடிய பாட்டு. விவரத்தில் கையால் போட்ட கிளைம் என்று இருப்பதால் 2019 விதி உங்கள் பக்கம். டிஸ்ப்யூட்டில் அதைச் சொல்லலாம். ஆனால் அந்த எட்டு வினாடியில் கதைக்கு வேண்டியது எதுவும் இல்லையே? "Trim out segment" கொடுத்தால் கிளைம் தானாக விலகிவிடும். பதிலுக்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

பார்வை ஒரு லட்சத்தைத் தாண்டிய வீடியோவில், விளம்பர வருமானம் தரும் யூடியூப் பார்ட்னர் திட்டத்தில் இல்லாதவர்களுக்கு ஸ்டுடியோவின் பொதுவான எடிட்டிங் மாற்றங்களுக்கு வரம்பு உண்டு. அதனால் வீடியோ பரவும் வரை காத்திருக்காமல், கிளைம் வந்த உடனே வேலையை முடிப்பது நல்லது.

டிஸ்ப்யூட் போட்டால் எத்தனை நாள் ஆகும்? நடுவில் பணம் யாருக்கு?

கிளைம் போட்டவருக்குப் பதில் சொல்ல 30 நாள். பதில் இல்லாவிட்டால் கிளைம் காலாவதியாகிவிடும். அவர் தானாகவே விட்டுக்கொடுக்கலாம், அல்லது மறுக்கலாம். மறுத்தால் நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அவருக்கு 7 நாள்தான். வீடியோ தடுக்கப்பட்டிருந்தால் முதல் கட்டத்தைத் தாண்டி நேராக மேல்முறையீட்டுக்குப் போகும் வசதியும் உண்டு. காலம் மிச்சமாகும், ஆனால் ஆபத்தும் சீக்கிரம் வரும்.

ஏனென்றால் மேல்முறையீட்டை அவர் ஏற்காவிட்டால் நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். அதோடு ஸ்டிரைக் வரும். அதன்பிறகு உங்களுக்கு மிஞ்சுவது எதிர் அறிவிப்பு. அது சட்டப் பத்திரம். உங்கள் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். அவர் 10 அமெரிக்க வேலைநாட்களுக்குள் வழக்குத் தொடுத்ததாகக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும். நாதஸ்வரம் போன்ற தெளிவான விஷயத்துக்கு அந்த அளவுக்குப் போகலாம். குழாயில் ஓடிய சினிமாப் பாட்டுக்குப் போக வேண்டாம்.

பணத்தில் ஒரு தேதி முக்கியம். கிளைம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் தனியாக நிறுத்தி வைக்கப்பட்டு, வென்றவருக்குப் போகும். 5 நாள் தாண்டினால் நீங்கள் டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்துதான் நிறுத்தி வைப்பார்கள். திருவிழா வீடியோவுக்குப் பார்வையாளர் வருவதே முதல் வாரத்தில்தான் என்பதால் இந்த 5 நாள் சிறிய விஷயம் அல்ல.

அதே கிளிப்பை ஷார்ட்ஸில் போட்டால் தப்பிக்கலாமா?

நீளத்தைப் பாருங்கள். ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம். ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் ஒரு கிளைம் இருந்தாலே உலகம் முழுவதும் தடுக்கப்படும், உரிமையாளர் வருமானம் மட்டும் கேட்டிருந்தாலும்கூட. 90 வினாடி தீமிதிக் கிளிப் காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். 58 வினாடிக்கு வெட்டினால் அந்தக் குறிப்பிட்ட தடை வராது. வழக்கமான கிளைம் வரலாம்.

ஏற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா?

முடியும். ஏற்றும்போது வரும் "Checks" பக்கத்தில் காப்பிரைட் சோதனை முடியும் வரை காத்திருங்கள். அதுவரை வீடியோ "Private" ஆகவே இருக்கட்டும். பிடிபட்ட நிமிடங்களைக் குறித்துக்கொண்டு, கணினியிலேயே சரிசெய்து மறுபடி ஏற்றுவது சுத்தமான வழி. ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் ஊமையாக்க பெரிய எடிட்டிங் மென்பொருள்கூட வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கட்டளைவரிக் கருவி இருந்தால் இந்த ஒரு வரி போதும். 0:40 முதல் 1:35 வரை என்றால் வினாடிக் கணக்கில் 40, 95.

```
ffmpeg -i vizha.mp4 -af "volume=enable='between(t,40,95)':volume=0" -c:v copy vizha2.mp4
```

படத்தை அது தொடாது, ஒலியை மட்டும் மாற்றும் என்பதால் படத்தின் தரம் குறையாது. பாட்டின் வேகத்தையோ சுருதியையோ லேசாக மாற்றி ஏமாற்றும் யோசனைகள் சுற்றுகின்றன. அவற்றைச் செய்யாதீர்கள். பேச்சும் மேளமும் கெடும். இன்று தப்பினாலும் பிறகு பிடிபடலாம். தவிர, தெரிந்தே மறைத்ததாக ஆகிவிடும்.

அடுத்த திருவிழாவுக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

முதலில், சவுண்ட் சர்வீஸ்காரரைத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டி எடுக்கும் ஐந்து நிமிடத்துக்கு அந்தப் பக்கக் குழாயை நிறுத்தச் சொன்னால் பெரும்பாலானவர்கள் நிறுத்துவார்கள். விழாக் கமிட்டியில் ஒருவர் மூலம் கேட்டால் இன்னும் சுலபம்.

பேசுபவரின் சட்டையில் சிறிய காலர் மைக் மாட்டுங்கள். குழாய்க்கு முதுகு காட்டி அவரை நிற்க வைத்தால் உடம்பே ஓரளவு சத்தத்தைத் தடுக்கும். கேமரா மைக்கை மட்டும் நம்பினால் பாட்டுதான் முன்னால் நிற்கும், பேச்சு பின்னால் போகும். அந்த நிலையில் எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது.

அப்புறம், ரேடியோ செட் தொடங்கும் முன் விடியற்காலையிலும், பாட்டு மாறும் இடைவெளிகளிலும், இடத்தின் இயல்பான சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். உலை கொதிப்பது, மணி, குலவை, மாட்டுச் சலங்கை, பறை காய்ச்சும் நெருப்பு, கூட்டத்தின் பேச்சு. இரண்டு மூன்று நிமிட நீளத்தில் நாலைந்து பதிவு இருந்தால் போதும். எடிட்டிங்கில் பாட்டு ஓடும் காட்சியின் ஒலியை எடுத்துவிட்டு இதை அடியில் வைத்தால், பார்ப்பவருக்கு ஊமைப்படம் பார்ப்பதுபோல் இருக்காது. கிளைம் வரவும் காரணம் இருக்காது. குலவை ஒலியை நெருக்கமாகப் பதிவு செய்த வீடியோக்கள், சினிமாப் பாட்டு ஓடும் வீடியோக்களைவிட அந்த ஊரை எனக்கு நன்றாகக் காட்டுகின்றன.

நேரலை போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே வெட்டவோ மாற்றவோ வழியில்லை. உரிமையுள்ள பாட்டு தொடர்ந்து கேட்டால் யூடியூப் எச்சரிக்கை காட்டும், படத்தை மறைத்து வேறு படம் போடும், ஒலிபரப்பையே நிறுத்தவும் செய்யும். பாட்டு ஓடும் நேரத்தில் மைக்கை மூடிவிட்டு நீங்களே வர்ணனை சொல்லுங்கள். அபிஷேகம், மேளம், சாமி புறப்பாடு என்று நேரில் எழும் ஒலி வரும்போது திறந்து விடுங்கள்.